கோல் சாயவில்லை

நில மட்டம் அளக்கும் வேலையில் இருபது வருடமாக அளவுகோலைப் பிடித்து நின்றவருக்குக் 'கம்பம்' என்றே பெயர். அன்று லெவல் புத்தகத்தில் பின்னோக்கிப் படித்த 'பேக் சைட்' அளவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து முன்னோக்கிப் படித்த 'ஃபோர் சைட்' அளவுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் 1.510 மீட்டர். கடைசி மட்டத்திலிருந்து முதல் மட்டத்தைக் கழித்தால் 1.410. இரண்டும் ஒன்றாக வந்தாக வேண்டும்.

"கோலைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்கே. நாளையிலேருந்து வராதே," என்றார் இன்ஜினியர், கம்பத்திடம்.

கோல் சாய்ந்தால் படித்த அளவுதான் தப்பும்; அதே அளவுகளையே இரண்டு வழியிலும் கூட்டிக் கழிப்பதால் இந்தக் கணக்கு தப்பாது. புத்தகத்தைச் சரிபார்க்கும் பெண்ணுக்கு அது தெரியும். ஆனால் கம்பம் கேட்டைத் தாண்டும்வரை அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பிறகுதான் ஏழாவது வரியைக் காட்டினாள். இன்ஜினியரே போட்ட கழித்தல், பத்து சென்டிமீட்டர் பிசகு.

"அட, ஆமா! திருத்திடும்மா."

"அவரைக் கூப்பிடட்டுமா சார்?"

"எதுக்கு? அதான் கணக்கு நேராயிடுச்சே."

அவள் திருத்தினாள்.