மறைத்த நெடுவரிசை

பழனிக்குமாருக்கு நல்ல மனசு. ஆனால் கேள்வி கேட்கத் தெரியாது. திண்டுக்கல்லில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஒன்பது வருஷமாகிறது, அவரைப் போல என் உயிரை எடுத்தவர் யாருமில்லை.

"ரஃபியா மேடம், டி காலம் சரியா வரல."

"டியில என்ன இருக்கு?"

"அதான் மேடம், வரல."

"எக்ஸலா, கூகுள் ஷீட்ஸா?"

"லேப்டாப்புல மேடம்."

யா அல்லா! சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அவர் ஒரு இலவசப் பயிற்சி மையத்தில் எழுத்தர். நுழைவுத் தேர்வுக்கு வரும் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் தேர்வு நடக்கும் ஊரைச் செய்தியாக அனுப்புவது அவர் வேலை. வெள்ளிக்கிழமை, மதியச் சோற்றில் கை வைத்த நேரம் கூப்பிட்டார்.

"மேடம், வீலுக்கப்புல நாலா, அஞ்சா?" பெயரைக் கொடுத்தால், அந்த வரியில் நாம் சொல்லும் எண்ணுள்ள காலத்தில், அதாவது நெடுவரிசையில், இருப்பதை எடுத்துத் தரும் சூத்திரம் அது.

"தேர்வு ஊரு எத்தனாவது காலம்? ஷீட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

"நாலாவது மேடம். நல்லா எண்ணிட்டேன்."

"அப்ப நாலு போட்டுத் தொலைங்க!"

சனிக்கிழமை மாலை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கீர்த்தனா பேசினாள். என்னிடம் டைப்பிங் படித்த சிறுமலைப் பெண், அந்த நாற்பத்தொருவரில் ஒருத்தி. மறுநாள் காலை நடக்கும் இந்தத் தேர்வில் தேறினால்தான் மேலே படிப்பு, இல்லாவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, பரீட்சை எங்க ஊருலயே! பஸ்ஸுக்கு அலைய வேணாம். வாரேன்க்கா, பஸ் எடுத்துட்டாங்க."

சிறுமலையில் எந்தத் தேர்வும் நடப்பதாக நான் கேள்விப்படவில்லை. பழனிக்குமாரைத் திட்டி அந்த ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். ஏ, பி, டி, இ. சி எங்கே? பெண்பிள்ளைகளின் போன் நம்பர் யார் கண்ணிலும் படக்கூடாதென்று மறைத்து வைத்திருக்கிறார் மனுஷன். மறைத்தாலும் வீலுக்கப் அதையும் சேர்த்துத்தான் எண்ணும். அவர் எண்ணிய நாலாவது, அதற்கு ஐந்தாவது. நாலாவதில் இருந்தது சொந்த ஊர். தாடிக்கொம்புப் பிள்ளைக்குத் தாடிக்கொம்பு, சிறுமலைப் பிள்ளைக்குச் சிறுமலை. எல்லோருக்கும் சந்தோஷம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஐந்து என்று மாற்றி மறுபடி அனுப்பினோம். நாற்பது பேர் பதில் போட்டார்கள். கீர்த்தனாவுக்கு ஆத்தூர். அவள் போனுக்கு மலையில் டவர் இல்லை.

"நான் போறேன் மேடம்" என்றார் பழனிக்குமார். விடியும் முன்பே பைக்கில் மலையேறிவிட்டார்.

ஞாயிறு காலை எனக்குச் சாயா இறங்கவில்லை. அவர் மேல் கோபம், கேள்வி புரியாமலே பதில் சொன்ன என் மேல் அதைவிடக் கோபம். ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

"மேடம், கீர்த்தனா, ஆத்தூர் சென்டர், மூணாவது ரூம், ஜன்னலோரம் ரெண்டாவது பெஞ்சு. ஹால் டிக்கெட்ட வாசல்லயே குடுத்துட்டாங்க, பேனா ரெண்டு வாங்கிக் குடுத்துட்டேன். உள்ள போயிட்டா."

ஒன்பது வருஷத்தில் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்க வேண்டியிராத பேச்சு அவரிடமிருந்து அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு அழுதேன்.