பதினோரு முறை வந்த நீலப் பட்டை

வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு நீளப்படம் என்று பெயர். வைத்தவர் குமாஸ்தா. முதல் வாரத்தில் ஒரு வாடகை வீட்டு விளம்பரப் பக்கத்தை அவள் படமெடுத்து அச்சடித்தபோது அது மேஜையிலிருந்து தரையில் இறங்கி, அவருடைய செருப்பைத் தாண்டிக் கதவு வரை போனது. "இது படமா, கம்பளமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சம்பளச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவள் நீளப்படம்தான்.

வழக்குக்கு வேண்டிய இணையப் பக்கங்களை, மறுநாள் மாறிப்போவதற்குள், தலை முதல் கால் வரை படமாக்கி வைப்பதுதான் அவள் வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் நகல் கடையில் இருந்தாள். அங்கே கற்றது ஒன்றுதான்: நகலில் நிழல் விழக்கூடாது. மணிக்கு ஒருமுறை இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைப்பாள். யாராவது கறை படிந்த தாளைக் கொடுத்தால், கறையைச் சுற்றி வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டி, அதை மறைத்து எடுத்துக் கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் அதற்காகவே அவளைத் தேடி வந்தார்கள். கண்ணாடி மேஜையை விட்டுக் கணினித் திரைக்கு வந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை.

அவள் பயன்படுத்திய கருவி, பக்கத்தை ஒரு திரை அளவு கீழே நகர்த்தும், படமெடுக்கும், மறுபடி நகர்த்தும், மறுபடி எடுக்கும். கடைசியில் எல்லாத் துண்டுகளையும் ஒட்டி ஒரே படமாக்கித் தரும். ஆனால் இப்போதெல்லாம் பாதிப் பக்கங்களில் மேலே ஒரு பட்டை மிதந்துகொண்டே இருக்கிறது. பக்கம் நகர்ந்தாலும் அது நகராது. ஒவ்வொரு துண்டிலும் அதுவும் விழும். ஒட்டிய படத்தில் பத்து வரிக்கு ஒரு தரம் அதே பட்டை வந்து நிற்கும், கீழே இருக்கும் இரண்டு வரியை விழுங்கிக்கொண்டு. ஒருமுறை விசாரணை அதிகாரி ஒருவர் அப்படி ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுல எந்த வரியத்தான் நான் படிக்கணும்?" என்று கேட்டது வக்கீலம்மாவுக்கு ஆறு மாதம் வயிற்றெரிச்சல்.

அதன் பிறகு நீளப்படம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். பக்கத்தைத் திறந்ததும், அதன் உள்கட்டமைப்பைக் காட்டும் சாளரத்தை ஒரு ஓரத்தில் திறப்பாள். மிதக்கிற பட்டையைச் சுட்டுவாள். அழிப்பு விசை. பட்டை போய்விடும். அது அவள் திரையில் மட்டும்தான் போகும், பக்கத்தின் சொந்தக்காரருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் படம் பளிங்கு மாதிரி வரும். "உங்க கை தொட்டா அழுக்கே ஒட்டாதே" என்பார் குமாஸ்தா. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

மருந்துவண்டிப் பெண் வந்தது ஒரு மாதத்தின் ஒன்பதாம் தேதி, மத்தியானம். முதியோர் இல்லம் ஒன்றில் மாத்திரை வண்டியை அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போகிற வேலை அவளுக்கு. மூன்றாம் தேதி ஒரு கிழவருக்கு மாத்திரையைத் தனியாளாகக் கொடுத்தாள். இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும் என்ற விதியை மீறினாள் என்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கிழவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விதிமீறல் என்று பராமரிப்புப் பணியாளர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவளுக்கு இனி எந்த முதியோர் இல்லத்திலும் வேலை கிடைக்காது. அவளுக்குத் தெரிந்ததும் அந்த வேலை ஒன்றுதான்.

"அந்த விதி அப்போ இல்லவே இல்லக்கா," என்றாள். "அப்புறமாத்தான் போட்டாங்க. ஊழியர் பக்கத்துல இருக்கு பாருங்க. சாயங்காலம் என் கணக்க மூடிடுவாங்களாம், மெசேஜ் வந்திருக்கு."

நீளப்படம் மறுபேச்சுப் பேசாமல் கணக்கைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்தாள். முதலில் உலாவியிலேயே இருக்கும் முழுப்பக்கப் படத்தை முயன்றாள். அதில் பட்டை ஒரே ஒரு முறைதான் விழும். ஆனால் இந்தப் பக்கம் ஒரு உள்பெட்டிக்குள் நகர்கிற வகை. உலாவிக்கு முதல் திரை மட்டுமே கிடைத்தது. சரி என்று தன் கருவியை ஓட்டினாள். பதினோரு துண்டு, பதினோரு நீலப் பட்டை. உச்சுக்கொட்டினாள். பட்டையைச் சுட்டி அழித்தாள். மறுபடி ஓட்டினாள். நான்காம் விதி, இருவர் சரிபார்ப்பு, ஒரு எழுத்து மறையாமல் வந்திருந்தது. அதே பெயரில் சேமித்தாள். பழைய படத்தின் மேல் புதியது ஏறிக்கொண்டது.

"வந்துருச்சாக்கா?"

"கண்ணாடி மாதிரி வந்திருக்கு, போய்ட்டு வாம்மா."

ஒன்றரை மாதம் கழித்து, விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, அச்சுப் பிரதியைப் பார்க்க மருந்துவண்டிப் பெண் மறுபடி வந்தாள். பிரதியை இரண்டு கையாலும் விரித்து, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், திருப்பி மறுபக்கம் பார்த்தாள்.

"அந்த நீலப் பட்டை எங்கக்கா?"

"அது சும்மா மிதக்கிற பட்டைம்மா. எழுத்த மறைக்குதுன்னு எடுத்துட்டேன்."

"அதுலதானக்கா தேதி இருந்துச்சு."

நீளப்படத்துக்கு முதலில் புரியவில்லை. மருந்துவண்டிப் பெண் குரலை உயர்த்தாமல் சொன்னாள். நான்காம் விதி ஆறாம் தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது என்று அந்தப் பட்டையில்தான் போட்டிருந்தார்கள். விதிக்குப் பக்கத்தில் தேதி கிடையாது. அதைக் காட்டத்தானே அன்றைக்கு அவசரமாக ஓடி வந்தாள்.

இரண்டு வருடமாக எத்தனையோ பட்டைகளை அழித்திருக்கிறாள். எல்லாவற்றிலும் குக்கீயை ஏற்றுக்கொள், செயலியைத் தரவிறக்கு, எங்களைத் தொடர்பு கொள் என்றுதான் இருந்தது. பட்டையைப் படிக்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. நீலம் ஞாபகம் இருந்தது. எழுத்து ஞாபகம் இல்லை.

அலுவலகக் கோப்புகளின் காப்பு நகல்கள் இருக்கும் வட்டில் தேடினாள். அந்த நகலைக் கணினி மாலையில்தான் எடுக்கும். அதற்குள் முதல் படத்தின் மேல் இரண்டாவது படம் ஏறிவிட்டது. கணினியின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. கணக்கு மூடப்பட்டிருந்தது. இல்லத்துக்காரர்கள் பக்கத்தையும் மாற்றிவிட்டார்கள் என்று உள்ளே வேலை பார்க்கும் தோழி சொன்னாளாம்.

மருந்துவண்டிப் பெண் திட்டவில்லை. பிரதியை நாலாக மடித்தாள், பிறகு மடித்தது தப்போ என்று பயந்து பிரித்து நீவினாள். அதைப் பார்க்கத்தான் நீளப்படத்தால் முடியவில்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து புருஷனிடம் சொன்னாள். அவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். எதற்கும் ஒரு திருப்புளி போதும் என்று நினைப்பவர்.

"ஒரு பட்டதானே. படத்துல வரைஞ்சு போட்டுடேன். உனக்குத் தெரியாத வேலையா?"

"அது பொய்யாயிடும்."

"இருந்ததத்தானே போடப்போற. எடுத்தவளே திருப்பி வைக்கிற, அதுல என்ன பொய்யி?"

அவர் சொன்னது அவளுக்கு முன்பே தோன்றியிருந்தது. கால் மணி நேர வேலை. நீலத்தின் நிறம் தெரியும், பட்டையின் உயரம் தெரியும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போய்ப் படத்தைத் திறந்து, மேலே ஒரு நீலக் கட்டத்தையும் வரைந்துவிட்டாள். எழுத்து என்று வந்தபோது கை நின்றது. "ஆறாம் தேதி முதல்" என்றிருந்ததா, "ஆறாம் தேதியிலிருந்து" என்றா? அவள் பார்த்ததில்லை. கட்டத்தை அழித்துவிட்டு வக்கீலம்மாவின் அறைக்குப் போனாள்.

வக்கீலம்மா முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பட்டைய அழிக்காம படம் எடுக்க வேற வழியே இல்லையா?"

"இருக்கு மேடம். கைபேசி மாதிரி காட்டுற முறை ஒண்ணு உலாவியில இருக்கு. அதுல திரையோட உயரத்தப் பக்கத்தோட உயரத்துக்கே நீட்டிடலாம். அப்போ நகர்த்தவே வேணாம், ஒரே படம்தான், பட்டையும் மேல ஒரு தரம் அப்படியே இருக்கும். உள்பெட்டியும் கூடவே நீளும். இல்லாட்டி மிதக்காம மேலயே நிக்கிற மாதிரி மாத்தலாம்."

"தெரிஞ்சும் ஏன் செய்யல?"

"அழிக்கிறது சீக்கிரம் மேடம். பாக்கவும் சுத்தமா இருக்கும்."

வக்கீலம்மா ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "நீங்க என்ன செஞ்சீங்கன்னு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆனா ஒண்ணு. இது வெளிய வந்தா, இதுவரைக்கும் நீங்க எடுத்த ஒவ்வொரு படத்தையும் கேள்வி கேப்பாங்க. அத நான் தடுக்க முடியாது."

விசாரணை அறையில் ஜன்னலே இல்லை. தண்ணீர்க் குவளைகள் வரிசையாக இருந்தன, யாரும் குடிக்கவில்லை. இல்லத்தின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தார். அவள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்தார்.

"பக்கத்துல இருந்த ஒண்ண உங்க கையால அழிச்சீங்க."

"ஆமா."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நான் படிக்கல."

"படிக்காமலே அழிச்சீங்க. வேற என்னவெல்லாம் அழிச்சீங்க?"

"இந்தப் பக்கத்துல அது ஒண்ணுதான். வேற வழக்குகள்ல நிறைய பட்டை."

வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். விசாரணைத் தலைவர் வயதான பெண்மணி. பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவர் இல்லத்தின் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நீலப் பட்டை ஒண்ணு இருந்துச்சுங்கறதுல உங்களுக்கு மறுப்பு இல்ல."

"பட்டை இருந்துச்சு. தேதி இருந்துச்சுன்னு நாங்க ஒத்துக்கல."

"என்ன இருந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும், பக்கம் உங்களோடது. பக்கத்தை எப்போ எப்போ மாத்தினீங்கன்னு பதிவு இருக்கும்ல, ரெண்டு வாரத்துல கொண்டு வாங்க."

இரண்டு வாரம் கழித்துப் பதிவு வரவில்லை. முப்பது நாளுக்கு மேல் நாங்கள் வைத்திருப்பதில்லை என்று ஒரு கடிதம் வந்தது. தீர்ப்பு இரண்டு பக்கம். விதி எப்போது நடைமுறைக்கு வந்தது என்பதை எந்தத் தரப்பும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நீக்கியவர்களுடையது. ஆகவே பதிவேட்டில் ஏற்றக்கூடாது. ஆனால் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

மருந்துவண்டிப் பெண் தீர்ப்பை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தாள். நீளப்படம் பக்கத்தில் நின்றாள், உட்காரலாமா என்று தெரியவில்லை.

"பட்டை இருந்திருந்தா வேலையே திரும்பக் கெடச்சிருக்கும்லக்கா?"

"கெடச்சிருக்கும்."

"எட்டாம் நம்பர் அறைப் பாட்டி என்னத் தவிர யாரு கையிலயும் மாத்திரை வாங்காது," என்றாள் அவள். "வேற இடம் பாக்குறேன்க்கா. வாசல் மூடலையே, அதுவரைக்கும் சரி."

நீளப்படம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவள் அதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை வக்கீலம்மா ஒரு பட்டியலைக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் அவள் எடுத்த படங்கள், நடப்பு வழக்குகளில் மட்டும் நூற்று முப்பத்தாறு. எதில் எதை அழித்தாள் என்று ஞாபகம் இருக்கும் வரை எழுத வேண்டும். இன்னும் திறக்கிற பக்கங்களை மறுபடி எடுக்க வேண்டும்: முதலில் அசிங்கமாக, உள்ளது உள்ளபடி, தனிப் பெயரில், அதன் பிறகே திரையை நீட்டி இன்னொன்று.

குமாஸ்தா அன்றைக்குக் கம்பளம் என்று கேலி செய்யவில்லை. தேநீரை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஒரு சாம்பல் பட்டை மேலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. விரல் பழக்கத்தில் அழிப்பு விசைக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பட்டையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். குக்கீ பற்றிய அறிவிப்புதான். அதையும் தாளில் எழுதிக்கொண்டு, ஒன்று என்று எண் போட்டாள்.