பலகையெங்கும் கழித்தல் குறிகள்

“வெளிச்சம் போதும். எழுத்து தெரிகிறது.” ஒரு சனிக்கிழமையின் கீழே என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் தவறு.

என் மனைவி பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர். அவருடைய மாணவி ஒருத்தி காலெலும்பு முறிந்து, நகருக்கு வெளியே அத்திபெலேயில் வீட்டோடு படுத்திருந்தாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்டின் டவுனில் எங்கள் கூடத்து வெள்ளைப் பலகையில் இவர் பாடம் நடத்த, நான் அலைபேசியில் படம்பிடித்து அவளுக்கு அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமை எடுத்த முதல் பாடத்தின் முடிவில் வீட்டுக்கணக்காக x² − 5x + 6 = 0 என்று கொடுத்திருந்தார். அவள் அனுப்பிய விடைகள் −2, −3. வழிமுறையில் பிழையே இல்லை. மனைவி அழைத்துக் கேட்டார்.

“அந்த எடத்துல வெள்ளையா இருந்துச்சு மிஸ். பிளஸ்ஸுன்னு நெனச்சேன்.”

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். எதிர்ச்சுவர் டியூப்லைட்டின் பிரதிபலிப்பு, 5x-க்கு முன்னிருந்த சின்னக் கோட்டை விழுங்கியிருந்தது. மற்ற இடங்களில் இவருடைய தலையின் நிழல்.

“கணக்கவிட உன் கொண்டைதான் தெளிவா இருக்கு” என்றேன்.

“சும்மா இருங்க. அவ தப்பு பண்ணல, நாமதான் தப்பா சொல்லிக்குடுத்திருக்கோம்.”

அன்று மாலை அவர் செய்ததை இன்றும் வியக்கிறேன். பாடம் எதையும் எழுதவில்லை. மூலைக்கு மூலை, நடுவில், ஓரத்தில் என்று பலகை முழுவதும் கழித்தல் குறிகளை மட்டும் போட்டார். நான் எடுத்த சிறு வீடியோவை அந்தப் பெண்ணிடம் இருப்பதைப் போன்ற பழைய, சிறு திரை அலைபேசியில் ஓடவிட்டு, எந்தக் கோடு காணாமல் போகிறது என்று பார்த்தார். டியூப்லைட்டை அணைத்ததும் நடுவிலிருந்தவை திரும்பி வந்தன. ஜன்னல் திரையை இழுத்ததும் வலது ஓரம் தெளிந்தது. ஆனால் அறை இருண்டது. பக்கத்து வீட்டு மேசை விளக்கொன்றும் எங்களுடையதுமாகப் பலகையின் இரு பக்கமும் தள்ளி, சாய்வாக வைத்தோம். பிறகு பிரதிபலிப்பு கேமராவை நோக்கி வரவில்லை. ஒரு பக்கத்து நிழலை மறுபக்கத்து விளக்கு தணித்தது. அவர் நகரும்போதெல்லாம் படம் மங்கியும் வெளிறியும் மாறாதபடி அலைபேசித் திரையை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டினேன்.

இரண்டு கோடுகள் அப்போதும் மங்கலாக இருந்தன. காய்ந்துபோன மார்க்கரின் வேலை. புதுக் கறுப்பு மார்க்கர் வாங்கி வந்து, எழுத்தை முன்னைவிட இருமடங்கு பெரிதாக்கினார். ஒரு வரி எழுதியதும் விலகி நின்று, அதை வாய்விட்டுப் படித்த பிறகே அடுத்த வரிக்குப் போனார். அதே பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினார். என் குறுக்குவழி யோசனைகள் எதுவும் எடுபடவில்லை.

மறுநாள் விடை வந்தது: 2, 3. அதன்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் முன் பலகையில் கழித்தல் குறிகள் ஏறி இறங்கின.

அவள் ஊன்றுகோலோடு போய்த் தேர்வு எழுதினாள். கணிதத்தில் தேறிவிட்டதாக அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னார். மதிப்பெண் பட்டியலை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல்.