பதினேழாவது கேள்வி

ஹமீதா பானு டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என் திமிரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. தொண்ணூற்றெட்டில் தஞ்சாவூரில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் எனக்கு வேலை. வலங்கைமான் பக்கம் நாற்றுப் பறித்துக் கொண்டிருந்த காத்தானின் மகன் நான். எங்கள் தெருவில் இங்கிலீஷில் எம்.ஏ. படித்த முதல் ஆள். தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்தது.

கணவரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெண்களின் மனநலத்தைப் பற்றி ஒரு ஆய்வு. கேள்வித்தாள் வெளிநாட்டிலிருந்து இங்கிலீஷில் வந்தது, மொத்தம் நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ முதல் ‘அடிக்கடி’ வரை டிக் போட நாலு கட்டம். அதைத் தமிழாக்குவது என் பொறுப்பு. என் தமிழை, இங்கிலீஷ் மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொருவர் திரும்ப இங்கிலீஷில் எழுத வேண்டும். பிறகு இரண்டு இங்கிலீஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொருள் நழுவிய இடம் அப்போது தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு. அந்த இன்னொருவர்தான் டீச்சர்.

முத்துப்பேட்டையில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தினார். கணவர் அப்துல் அஜீஸ் ஷார்ஜாவில் பதினெட்டு வருடமாக ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், ஐம்பது நாள் இருப்பார், போய்விடுவார். வீட்டில் மாமியார், நாத்தனார்கள், பிள்ளைகள் என்று பதினோரு பேர். எழுத ஒரு மேசை ஓய்வாகக் கிடைக்காது. அதனால் பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பில், கோரையாறு தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவார். ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தால் போதும், பென்சில் தாளைத் தொட அரைமணி நேரமாகும். காயல் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் தாள்கள் மெல்ல எழும்பி எழும்பி அடங்கும். அவர் தூங்குகிறாரோ என்று ஒருமுறை எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அவர் அனுப்பிய இங்கிலீஷ், மூலத்தோடு அச்சாகப் பொருந்தியது. பதினேழாவது கேள்விகூட. மூலத்தில் ‘லோன்லி’ என்று இருந்தது. ‘கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் தனியாக இருப்பதாக உணர்ந்தீர்களா?’ என்று நான் எழுதியிருந்தேன். டீச்சரின் தாளிலும் ‘லோன்லி’. நான் அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாளில் செவ்வந்தி வந்து அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டாள். அவள் எங்கள் களப்பணியாளர். முத்துப்பேட்டையில் முப்பது பெண்களிடம் கேள்வித்தாளைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்தாள்.

“சார், பதினேழுக்கு முப்பது பேரும் ‘இல்லை’தான்.”

“நல்லதுதானே. யாருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை.”

“அட, முழுசா கேளுங்க சார். கேள்வியை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு திருப்பிக் கேட்டேன். ‘நான் ஒண்டியா குடியிருக்கேனான்னு கேக்குறீங்க, மாமி இருக்காங்க, நாத்தனா இருக்காங்க, எங்க தனி?’ன்னு சொல்றாங்க. ஒரு அம்மா கோவமே பட்டுட்டாங்க. ‘தனியா இருக்கேன்னு நான் சொன்னா எங்க மாமிக்கு என்ன மரியாதை?’ங்குறாங்க.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மேலிடத்துக்குத் தெரிவித்தேன். திங்கட்கிழமைக்குள் சரியான வாக்கியம் வராவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம் என்று பதில் வந்தது. எடுத்துவிட்டால், முத்துப்பேட்டையில் பெண்கள் வந்து பேச ஒரு ஆலோசனை மையம் வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்ததற்கு ஆதாரமே இருக்காது. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை போய்விடும்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். கார்த்திகை மழை. மன்னார்குடி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலா வானமா என்று தெரியாமல் தண்ணீர். அதற்குள் சம்பாப் பயிர் நுனி மட்டும் பச்சையாகத் தெரிந்தது. சன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, தனி, தனியே, தனிமை என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

டீச்சரிடம் மூலம், என் தமிழ், அவருடைய இங்கிலீஷ் மூன்றையும் வைத்தேன். மூலத்தை அவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். மூன்றிலும் பதினேழாவது வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

“தப்பு என் பேருல தம்பி.”

“தமிழ் எழுதுனது நானு, டீச்சர்.”

“நீங்க எழுதுனது வெறும் ‘அலோன்’. நான் அப்படியே ‘அலோன்’னு எழுதியிருந்தா உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். தாள்ல இருந்ததை விட்டுட்டு, என் மனசுல இருந்ததை எழுதிட்டேன். அந்த வரியைப் படிச்சப்ப எனக்கு அழுகை வந்துச்சு. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.”

பதினோரு பேர் உள்ள வீட்டிலிருந்து வருகிற பெண். எனக்கு வருத்தமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது. நாங்கள் சொற்களைத் தேடினோம். ‘ஏங்குகிறீர்களா’ என்று நான் சொன்னேன்.

“அது மச்சானை நினைச்சு ஏங்குறது. மூலத்துல புருசனைப் பத்திக் கேக்கலையே. புருசன் பக்கத்துல இருந்தும் இப்படி இருக்கலாம்ல?”

‘வெறிச்சென்று’ என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் வீடுதான் வெறிச்சென்று இருக்கும், மனசு இல்லை என்றார். ‘மனசுவிட்டுப் பேச ஆளில்லை’ என்பதை அவரே சொல்லி, அவரே அடித்தார். பேச்சுத்துணை வேறு, இது வேறு. ‘சுற்றிலும் ஆள் இருந்தும்’ என்று தொடங்கினால் உண்மையிலேயே ஒண்டியாக இருப்பவளுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஒவ்வொரு சொல்லும் கிட்ட வந்து, தொடப் போகையில் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் ஒரு வள்ளம் சத்தமில்லாமல் போனது. டீச்சர் அதைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

“போன ஒரு மாசத்துல, உங்களுக்குன்னு யாருமே இல்லாத மாதிரி மனசுக்குத் தோணுச்சா?”

நான் எழுதிக்கொண்டேன். அவர் சிரித்தார். “இனிமே இதை என்கிட்ட அனுப்பாதீங்க. மூலத்தைப் பார்த்துட்டேன், இந்தத் தாளுக்கு நான் செல்லாக்காசு.”

உண்மைதான். திரும்ப இங்கிலீஷாக்க, தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பஞ்சநதத்திடம் கொடுத்தோம். தாளில் இருப்பதை மட்டும் எழுதுங்கள், நீங்களாக எதையும் ஊகிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ‘உங்களுக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லாதது போல் பட்டதா’ என்கிற பொருளில் அவர் இங்கிலீஷ் இருந்தது. ‘லோன்லி’ அதில் எங்குமே இல்லை. ஆனாலும் இதுதான் அது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி போய், மாமியார் காதில் விழாத இடமாகப் பார்த்து, இன்னொரு பன்னிரண்டு பெண்களிடம் கேட்டாள். ஏழு பேர் ‘அடிக்கடி’ என்றார்கள். இருவர் பதில் சொல்லாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். கேள்வி தங்கிவிட்டது.

நல்ல செய்தியைச் சொல்ல அடுத்த வாரம் போனேன். டீச்சர் ஜன்னலோரம் இருந்தார். அன்று மடியில் தாள் எதுவும் இல்லை.

“மச்சான் ஷார்ஜாவுலேருந்து வெள்ளிக்கிழமை போன் பண்ணுவாங்கள்ல? முன்னாடி ஒருநாள் விளையாட்டா உங்க கேள்வியைக் கேட்டேன், தனியா இருக்கீங்களான்னு. ‘ஒரு ரூம்ல எட்டுப் பேரு கெடக்குறோம், எங்க தனி’ன்னு சிரிச்சாங்க. நேத்து இந்தப் புதுக் கேள்வியைக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறமா, ‘போன ஒரு மாசத்துக்கு மட்டுமா கேக்குற பானு?’ன்னாங்க.”

ஆறு நிரம்பி, மெல்லக் காயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“நாலு கட்டம் போட்டிருக்கீங்களே தம்பி, இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுறது?” என்று டீச்சர் கேட்டார்.