நூற்றுக்கு நாற்பத்து மூன்று

மாத்தளை நகரில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே எங்கள் கால் சென்டர் இருந்தது. இங்கிலாந்தில் யாருடைய வாஷிங் மெஷினாவது நின்றுபோனால் அந்த அழைப்பு எங்களுக்கு வரும். அவர்களுக்குக் காலை எட்டு மணி என்றால் குளிர்காலத்தில் எங்களுக்கு மதியம் ஒன்றரை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தக் கதிரையில் உட்காரவேண்டும் என்று தீர்மானிக்கிற அட்டவணைக்காரன் நான். போன் எடுக்கிற வேலை எனக்கு இல்லை. அதனால் என்னை எல்லோரும் கொஞ்சம் பொறாமையோடும் நிறைய சந்தேகத்தோடும் பார்த்தார்கள். சந்தேகம் நியாயமானதுதான்.

புதன்கிழமைதோறும் வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஒரு கோப்பு வரும். ஒவ்வொரு அரை மணிக்கும் எத்தனை அழைப்பு வரும் என்ற முன்கணிப்பு அது. உச்ச நேரத்தில் அரை மணிக்கு அறுபது அழைப்பு, ஒன்றுக்கு ஆறு நிமிடம் என்றால், ஆட்களைக் காக்க வைக்காமல் எடுக்கப் பதினாறு பேர் வேண்டும். ஆனால் பதினாறு பேரைப் போட்டால் பதினாறு பேர் இருக்கமாட்டார்கள். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பயிற்சி, இரத்தோட்டைப் பக்கம் மழையென்றால் நாலு பேருக்கு பஸ் இல்லை. சம்பளம் உண்டு, போனில் ஆள் இல்லை. இந்த ஓட்டைக்குப் பெயர் ஷ்ரிங்கேஜ். எங்களுக்கு அது நூற்றுக்கு முப்பது. புதிதாக வருகிறவர்கள் பதினாறோடு முப்பது வீதத்தைக் கூட்டி இருபத்தொன்று என்பார்கள். அது தப்பு. வருகிறவர்கள் எழுபது வீதம்தான், ஆகவே எழுபதால் வகுக்கவேண்டும். இருபத்து மூன்று வரும். இந்த வித்தியாசத்தை நான் பெருமையோடு சொல்லிக்கொடுப்பேன். கணக்கு தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, அறுபது இருந்த இடத்தில் ஐம்பத்தைந்து இருந்தது. அடுத்த புதன் ஐம்பது. முந்திய வருடத்துக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதே வாரங்களில் அழைப்பு கூடியிருந்ததே தவிர குறையவில்லை. இங்கிலாந்தில் மெஷின்கள் திடீரென்று திருந்திவிட்டனவா? நான் எழுதிக் கேட்டதற்கு, முன்கணிப்பு சரியானது, அதன்படி திட்டமிடவும் என்று ஒரு வரி பதில் வந்தது. அந்த மரியாதையான ஒரு வரியை எடுத்துக்கொண்டு மனேஜரிடம் போனேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார். யாரிடமும் மூச்சு விடவேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, ஆட்களைக் குறைக்காமல் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். நல்ல மனிதர். நானும் நல்லவனாக இருக்க ஆசைப்பட்டேன்.

வழி இருந்தது. அழைப்பு நாற்பத்தைந்துக்கு இறங்கியபோது போனில் பதின்மூன்று பேர் போதும். முப்பது வீத ஓட்டையோடு பத்தொன்பது பேர். அதாவது நாலு பேர் வீட்டுக்குப் போகவேண்டும். ஆனால் இங்கிலாந்துக்கு நாங்கள் அனுப்புகிற தாளில் ஓட்டை நாற்பத்து மூன்று வீதம் என்று நான் எழுதினால், அதே பதின்மூன்றுக்கு இருபத்து மூன்று பேர் தேவை என்று தாள் சொல்லும். ஒரேயடியாக எழுதவில்லை. முப்பத்து நாலு, முப்பத்தெட்டு, பிறகு நாற்பத்து மூன்று. கூடுதல் நேரத்தையெல்லாம் 'பயிற்சி' என்று போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

பயிற்சி அறையில் பயிற்சி ஒன்றும் இல்லை. முதல் வாரம் சிரிப்பும் கடலையும் பிளேன்டீயுமாக இருந்தது. இரண்டாம் வாரம் அதே பழைய கையேட்டைப் புரட்டினார்கள். மூன்றாம் வாரம் கையேட்டையும் மூடிவைத்துவிட்டார்கள். வெளியே சுவர்த் திரையில், காத்திருக்கும் அழைப்பு பூச்சியம் என்று பச்சை நிறத்தில் நின்றது. முன்பெல்லாம் அந்தப் பூச்சியத்தைப் பார்த்தால் கைதட்டுவார்கள். இப்போது அதைப் பார்த்துவிட்டு என் மேசையைப் பார்த்தார்கள்.

எங்களிடம் மிகப் பழைய ஏஜென்ட் ஒரு முஸ்லிம் பெண். எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். கணவர் இல்லை. மகள் அந்த வருடம் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். பிப்ரவரி கடைசியில் தாத்தா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கண்டியில ஒரு ஆஸ்பத்திரி கவுண்டர்ல வேலை கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போனா தெனமும் பஸ்ஸுலயே பாதி நாள் போயிரும், புள்ள தனிய இருப்பா. இங்கயே இருக்கத்தான் விருப்பம். ஆனா இது நெலைக்குமா?"

"ஏன் என்கிட்ட கேக்குறீங்க?"

"ஒங்ககிட்டதானே கணக்கு இருக்கு. எங்களுக்கு முந்தி ஒங்களுக்குத்தானே தெரியும்."

என் திரையில் நாற்பத்து மூன்று திறந்துதான் இருந்தது. இருபத்து மூன்று கதிரையும் நிரம்பியிருந்தன. நான் கட்டிய தாளை நானே நம்பத் தொடங்கியிருந்தேன் என்பது இப்போது விளங்குகிறது. வேலை நிலைக்குமா என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நெலைக்கும் தாத்தா. ஏப்ரலுக்கும் இருவத்து மூணு பேரத்தான் போட்டிருக்கேன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை, வேலைக்கு வரவில்லை என்று கண்டி ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்.

மார்ச் நடுவில் வீடியோ கூட்டம். இங்கிலாந்தில் என்னைப் போலவே அட்டவணை போடுகிற ஒரு பெண், இதமான குரலில் விளக்கினாள். எட்டு வாரமாக எங்கள் அழைப்புகளில் கால்வாசியை வேறொரு நாட்டில் புதிதாகத் திறந்த சென்டருக்குத் திருப்பியிருந்தார்களாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பரீட்சை. எங்கள் குரல், எங்கள் வேகம், வாடிக்கையாளர் திருப்தி எல்லாவற்றிலும் நாங்கள்தான் முன்னே. ஒன்றில் மட்டும் பின்னே. ஷ்ரிங்கேஜ் அங்கே இருபத்தெட்டு, இங்கே நாற்பத்து மூன்று. பாதிப் பேர் போனிலேயே இல்லாத இடத்துக்கு வேலை தர முடியாது என்றாள். முப்பதிலேயே நின்றிருந்தால்? என்று மனேஜர் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. அப்படியானால் முழு அழைப்பும் உங்களுக்கே திரும்பியிருக்கும் என்றாள்.

நாலு பேரைக் காப்பாற்றப் போய் எல்லோரையும் தொலைத்தேன்.  

அடுத்த நாள் மதியம், முதல் அழைப்புக்குக் கொஞ்சம் முந்தி, தாத்தாவின் கதிரைக்குப் போனேன். மற்றவர்களுக்கு மனேஜர் சொல்லட்டும், இவருக்கு நான் சொல்லவேண்டும் என்று இருந்தது. தாளில் நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். எங்கள் எல்லோருடைய வேலையும் ஏப்ரலோடு முடிகிறது என்றும் சொன்னேன். கண்டியில் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"நேத்து ஒங்க முகத்தப் பாத்ததுமே வெளங்கிட்டுது தம்பி, காலையில கண்டிக்குப் போன் பண்ணிட்டேன். அந்த எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களாம்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் ஹெட்செட்டின் வயரைச் சிக்கல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க எங்களக் காப்பாத்தத்தான் செஞ்சீங்க, அது எனக்கு வெளங்குது. ஆனா அண்டைக்கு நான் கேட்டப்ப, தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்."

 அதோடு அவருக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது. வழக்கமான அதே குரலில் வணக்கம் சொல்லி, மெஷின் வாங்கி எத்தனை வருடம் என்று கேட்டார்.