யார் வருவாக?

சுருளியம்மாளின் புருஷன் ராக்கப்பன் ஏலத்தோட்ட வேலைக்கென்று குமுளி மலை ஏறிப் போய் ஐந்து வருஷமாகிவிட்டது. முதல் வருஷம் போகிற வருகிற ஆட்களிடம் சேதி சொல்லி அனுப்பினான். பிறகு அதுவும் நின்றுபோனது. சுருளிப்பட்டியில் யார் விசாரித்தாலும் அவள் "வருவாக" என்று மட்டும் சொல்வாள். புருஷன் பேரை வாயால் சொல்லாத ஊரில் அந்த ஒற்றைச் சொல் தாராளமாகப் போதும். ஆளும் மரியாதையும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடந்தன. யார் வருவாக என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

போடியில் ஒரு பாலர் பள்ளிக்கு டீச்சர் தேவைப்பட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் விட்டுப்போன இங்கிலீஷை மட்டும் எழுதித் தேறினால் வேலை அவளுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் கம்பத்துக்கு பஸ் ஏறி, சைக்கிள் கடை மாடியில் நடந்த டுடோரியலில் சேர்ந்தாள். தேறிவிடலாம் என்ற தைரியம் இருந்தது. தேறினால் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டுமே, பூட்டின வீட்டு முன்னால் அவர் வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் நெஞ்சை அரித்தது.

ஆடி மாதத்து மாலை. மலையைத் தாண்டி வந்த சாரல் வெயிலோடு கலந்து ஜன்னலில் பொடிப்பொடியாக மினுங்கியது. எதிர்க்கடை, தெரு, மாட்டுவண்டி எல்லாமே தூக்கத்தில் பார்ப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. பார்ப்பதை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார் ஜேசுராஜ் சார். ராயப்பன்பட்டிக்காரர், அவளைவிட நாலைந்து வயது இளையவர். அவள் "இஸ் ரெய்னிங்" என்று எழுதியிருந்தாள்.

"யாருக்கா?" என்றார் அவர்.

"என்ன சார் யாரு? வெளிய பாருங்க, பெய்யுது."

"தமிழ்ல பெய்யுதுன்னா போதும்கா. வந்தேன், வந்தாகன்னா வினையோட வாலே ஆளக் காட்டிக் குடுத்துரும். இங்கிலீஷு வினைக்கு அம்புட்டு வால் கெடையாது. முன்னால எதையாச்சும் ஒக்கார வச்சாத்தான் வாக்கியம் நகரும்."

"மழைய ஒக்கார வைக்கட்டா? ரெய்ன் இஸ் ரெய்னிங்?"

"ரெய்னிங்குக்குள்ளயே மழை இருக்கே. இட் இஸ் ரெய்னிங்னு எழுதுங்க."

"இட்டுன்னா எது சார்? மேகமா, வானமா?"

"எதுவுமில்ல. பஸ்ஸு சீட்டுல துண்டு போடுற மாதிரிதான். ஆள் வராது, ஆனா சீட்டு காலியாக் கெடக்கக் கூடாது. கேள்வி கேட்டாலும் விட்டுப் போகாது. இஸ் இட் ரெய்னிங்னு இஸ்ஸுக்குப் பின்னால போயி ஒக்காந்துக்கிரும்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். யாருமே இல்லாத ஒன்றுக்கு இத்தனை மரியாதையா என்று வேடிக்கையாகக்கூட இருந்தது.

அடுத்து வீட்டைப் பற்றி எழுதச் சொன்னார். மாமியாருக்கு வயதாகிவிட்டதைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, "ஹேஸ் கான் டு கேரளா. வில் கம்" என்று முடித்திருந்தாள். சிவப்பு மை மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது.

"யாருக்கா?"

"அவுகதான் சார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு வேணாம்கா. ஹீன்னு போட்டாப் போதும். ஆனா இது இட்டு மாதிரி வெறுந்துண்டு இல்ல. ஹீன்னு சொன்னா நெசமாவே ஒரு ஆளு இருக்கணும்."

"ஹீ வில் கம்" என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தில் அவரை உட்கார வைத்துப் பார்க்க ஆசை வந்தது. ஊதாச் சட்டை வந்தது. பீடி வாசனை வந்தது. செருமல்கூடக் கேட்டது. முகம் மட்டும் வரவே இல்லை. சாரலுக்குள் எங்கேயோ நின்றுகொண்டு திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. வருகிறவராக இருந்தால் இந்நேரம் வந்திருப்பார். இதை யோசிக்காமல் ஐந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறாளே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது. நடுவில் ஒரு "நாட்" சேர்த்தாள். ஜேசுராஜ் படித்துவிட்டு ஒரு டிக் போட்டார். அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் மாயக்காள் வாசற்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நனைந்த சேலையோடு சுருளியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அவுக வரமாட்டாக."

மாயக்காளின் விரல்கள் மொச்சையை விடவில்லை.

"எனக்குத் தெரியும் ஆத்தா. நீ வருவாக வருவாகன்னு சொல்லிக்கிட்டிருந்த. அதான் ஒனக்காக நானும் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

சுருளியம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மாயக்காள் மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள்.

"போடியில தண்ணி வசதி எப்பிடின்னு விசாரி. வீடு பாக்கணும்ல."