செங்கல் சுவரோரம் ஒரு பெஞ்ச்

அந்த டிசைன் ஆபீசில் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான். இன்னும் கட்டாத அறைகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, மேஜை நாற்காலி போட்டு, விளக்கேற்றி, போட்டோ எடுத்ததுபோல் படமாக்கித் தருவது அவள் வேலை. ஆள் நல்ல பருமன். பள்ளிக்கூடத்தில் 'ரோடு ரோலர்' என்று கூப்பிட்டவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, "ஆமாண்டா, இப்ப என்ன?" என்று கேட்டவள்.

ஆனால் கடை நாற்காலிகளிடம் அந்த வீறாப்பு செல்லவில்லை. ஒருமுறை காபி குடித்துவிட்டு எழுந்தாள். கைப்பிடி வைத்த நாற்காலியும் கூடவே எழுந்தது. பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். கூட வந்த தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு கடைக்காரம்மாவின் பழைய கிடங்கைக் காபி ஷாப் ஆக்கும் வேலை ஆபீசுக்கு வந்தது. பூசாத செங்கல் சுவர், தொங்கும் செடிகள், விதவிதமான இருக்கைகள், சாயங்கால வெளிச்சம். முதலாளி வரைபடத்தைக் கொடுத்தார். பார்த்தவளுக்கு எரிந்தது. உயர ஸ்டூல் நாலு விதம், கைப்பிடி நாற்காலி மூணு விதம். விதம் இருந்ததே ஒழிய, அவள் உட்கார ஓர் இடம் இல்லை.

படத்தை மட்டும் மனசாரச் செய்தாள். கிடங்குச் சுவரையே போட்டோ எடுத்து வந்து கம்ப்யூட்டர் சுவர்மேல் போர்த்தினாள். காரை உள்வாங்கி, கல் மேடு தட்டும்படி செய்து, மேலிருந்து சுவரை உரசி விழுகிற மாதிரி விளக்கு வைத்தாள். மணி பிளான்ட் கொடிகளை உத்தரத்திலிருந்து இறக்கினாள். ஜன்னலுக்கு வெளியே வானத்தை நீலமாக விட்டாள். வெளியே நீலம் இருந்தால்தான் உள்ளே பல்பின் மஞ்சள் கதகதப்பாகத் தெரியும். கடைசியில் ஆட்களை வைக்க வேண்டும். இதற்கென ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த ஆள் படங்கள் அத்தனையும் ஒல்லி மூங்கில் குச்சிகள்.

அன்று வீட்டில், வெள்ளைச் சுவர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து தங்கையைப் போட்டோ எடுக்கச் சொன்னாள்.

"எதுக்குக்கா?"

"நான் காபி ஷாப்புக்குப் போறேன்."

மறுநாள் செங்கல் சுவரோரமாகக் கைப்பிடி இல்லாத நீள பெஞ்ச் ஒன்றைப் போட்டு, மெத்தை விரித்து, அதில் போட்டோவிலிருந்து தன்னையே வெட்டி எடுத்து உட்கார வைத்தாள். காலடியில் நிழலும் சேர்த்தாள்.

முதலாளி திரையை உற்றுப் பார்த்தார். "அக்கா, இது நீங்களா?"

"ஆமா."

"விளையாடாதீங்க. பெஞ்ச் நம்ம பிளான்லயே இல்ல. எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன். எடுக்கணும்னா நீங்களே எடுங்க. ஆனா ஏன் எடுத்தீங்கன்னு கடைக்காரம்மாகிட்ட நான் சொல்வேன்."

அவருக்குத் தர்மசங்கடம். மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது, படம் அப்படியே போயிற்று.

மீட்டிங்கில் கடைக்காரம்மா சுவரை ரசித்தாள், செடிகளை ரசித்தாள். பெஞ்சருகே வந்ததும் விரல் நின்றது. "வெளிச்சம்லாம் பிரமாதம். இவங்க மட்டும் வேணாமே. எங்க கஸ்டமர்ஸ் இப்படி இருக்க மாட்டாங்க."

முதலாளி மேஜைக்கடியில் அக்காவின் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இருக்க மாட்டாங்கதான். நாங்க வந்தா எங்க உட்கார்றதும்மா? இந்த நாற்காலியிலயா? மாட்டிக்கிட்டா நீங்களா வந்து பிடுங்கி விடுவீங்க?"

அப்போதுதான் கடைக்காரம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "நான் தப்பா சொல்லல..." என்று இழுத்தாள்.

"தப்பாத்தான் சொன்னீங்க. பரவால்ல. பெஞ்ச் வேணுமா வேணாமா, அதச் சொல்லுங்க."

"பெஞ்ச் இருக்கட்டும்" என்றாள் கடைக்காரம்மா. "ஆனா விளம்பரப் படத்துல அவங்க வேணாம்."

அப்படியே ஆயிற்று. கடை வாசல் விளம்பரத் தட்டியில், பெஞ்சில் இரண்டு மூங்கில் குச்சிகள் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் படத்தில் வைத்துக் கொடுத்தது ஆபீசில் இருந்த ஒரு பையன். அக்கா தொட மறுத்துவிட்டாள். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அடுத்து வந்த ஆஸ்பத்திரி வேலையில், காத்திருக்கும் அறைப் படத்தில் ஒரு பருமனான தாத்தாவைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தாள். முதலாளி பெருமூச்சு விட்டார், எடுக்கச் சொல்லவில்லை.

கடை திறந்த வாரம் தங்கையோடு போனாள். வாசலிலிருந்து பெஞ்ச் வரை தலைகள் திரும்பின. திரும்பட்டும் என்று நடந்தாள். கால் அகட்டிச் சாய்ந்து உட்கார்ந்து, காபியும் பெரிய கேக் துண்டும் சொன்னாள். நடுவில் அண்ணாந்து பார்த்தவளுக்கு முகம் சுளித்தது. பரிமாற வந்தவரைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, இது என்ன ஆபரேஷன் தியேட்டரா? இவ்ளோ வெள்ளை பல்பு போட்டிருக்கீங்க? உங்க மேடத்தக் கூப்பிடு. மஞ்சள் பல்பு மாட்டச் சொல்லணும்."

"அக்கா, சும்மா இருக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் தங்கை.

"பாக்கட்டும்டி" என்று கேக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.